பூம்பாவை உயிர்த்தெழுந்தாளா? வகுப்பறையில் சமய வினாவும் ஆசிரியரின் நடுவுநிலையும்

சமயம் பற்றிய கடினமான கேள்வி எழுவதற்குத் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் சமய வகுப்பு என ஒன்று தேவைப்படுவதில்லை. தமிழ் வகுப்பே அதற்குப் போதும். தேவாரமும் திவ்வியப் பிரபந்தமும் சீவக சிந்தாமணியும் மணிமேகலையும் தேம்பாவணியும் சீறாப்புராணமும் இரட்சணிய யாத்திரிகமும் இலக்கியம் என்ற ஒரே பெயரில் மாநிலப் பாடநூல்களுக்குள் இடம்பெற்று வந்துள்ளன. அவற்றைப் பாடியவர்களோ இலக்கியம் படைப்பதை மட்டும் கருதிப் பாடியவர்கள் அல்லர். தாம் உண்மை என்று கண்டதைப் பிறரும் காண வேண்டும் என்று விரும்பிப் பாடியவர்கள். அதனால் அணியும் இலக்கணக் குறிப்பும் சொல்லிப் பாடலைக் கடந்துபோக எண்ணும் ஆசிரியரை, அப்பாடல் சொல்வது உண்மைதானா என்று கேட்கும் ஒரு மாணவர் நிறுத்திவிடுகிறார்.

தென்சென்னையிலும் மத்திய சென்னையிலும் இந்தக் கேள்விக்குத் தனிக் கூர்மை உண்டு. மயிலாப்பூரில் கபாலீசுவரர் கோயிலும் புனித தோமாவின் கல்லறை மீது எழுந்ததாகக் கருதப்படும் சாந்தோம் பேராலயமும் ஒன்றுக்கொன்று நடந்து செல்லும் தொலைவில் உள்ளன. 1897இல் தோன்றிய இராமகிருஷ்ண மடமும் இதே ஊரில்தான் இருக்கிறது. உண்மையைக் காட்டிலும் உயர்ந்த சமயம் இல்லை என்பதைத் தன் முழக்கமாகக் கொண்ட பிரம்மஞான சபை 1882 முதல் அடையாற்றின் கரையில் இயங்கிவருகிறது. இப்பகுதியின் வகுப்பறை ஒன்றில் சைவ, வைணவ, கிறித்தவ, இசுலாமிய வீட்டுப் பிள்ளைகளோடு, தியாகராய நகரிலும் மயிலாப்பூரிலும் தொழில் செய்யும் சமணக் குடும்பத்துப் பிள்ளையும், சுயமரியாதை இயக்கத்தின் வழிவந்த இறைமறுப்பாளர் வீட்டுப் பிள்ளையும் பக்கத்துப் பக்கத்தில் அமர்ந்திருக்கக்கூடும். அங்கே ஆசிரியர் சொல்லும் ஒரு விடை, அவர் அறியாமலேயே, ஐந்தாறு வீடுகளின் உணவு மேசை வரை போய்ச் சேர்கிறது.

மேல்நிலை இரண்டாம் ஆண்டுத் தமிழ்ப் பாடநூலில் மயிலாப்பூரின் பங்குனி உத்திர விழாவைப் பாடும் திருஞானசம்பந்தரின் தேவாரப் பாடல் ஒன்று இடம்பெற்றிருக்கிறது. அது பூம்பாவைத் திருப்பதிகம் எனப்படும் பாடல்தொகுதியைச் சேர்ந்தது. பாம்பு தீண்டி இறந்து, எரியூட்டப்பட்டு, எலும்பும் சாம்பலுமாகக் குடத்தில் வைக்கப்பட்ட ஒரு சிறுமி, சம்பந்தர் பாடியபோது உயிரோடு எழுந்தாள் என்பது அப்பதிகத்தோடு இணைத்துச் சொல்லப்படும் வரலாறு. கபாலீசுவரர் கோயிலின் பங்குனிப் பெருவிழாவில், அறுபத்துமூவர் புறப்பாடு நிகழும் நாளில், இந்நிகழ்ச்சி இன்றும் நடத்திக் காட்டப்படுகிறது. அந்தக் கூட்டத்தில் நின்று பார்த்த மாணவர் ஒருவர் வகுப்பில் எழுந்து, “சார், சாம்பலிலிருந்து ஒரு பொண்ணு எழுந்து வந்தான்னு நீங்க நம்புறீங்களா?” என்று கேட்பாராயின், அந்தக் கேள்வியை எப்படிக் கையாள்வது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் விடைகள் நான்கு. கேட்டவரை அடக்குவது ஒன்று. அது நம்பிக்கை, அதில் கேள்விக்கு இடமில்லை என்று முடிப்பது இன்னொன்று. அதெல்லாம் கட்டுக்கதை என்று சிரித்து வைப்பது மூன்றாவது. எல்லாச் சமயமும் சொல்வது ஒன்றுதான் என்று சமாதானம் செய்வது நான்காவது. முதல் மூன்றும் நடுவுநிலை தவறியவை என்பது வெளிப்படை. நான்காவது மட்டும் நடுவுநிலை போலத் தோன்றுவதால்தான் அது மிகுதியாகக் கையாளப்படுகிறது. ஆனால் எல்லாச் சமயங்களும் ஒரே உண்மையின் பல வழிகள் என்பதும் ஒரு கொள்கையே. அதை மனமாரக் கொண்டவர்களும் உண்டு, தம் நெறியே மெய்ந்நெறி என்று கருதி அதை மறுப்பவர்களும் உண்டு, எந்த நெறியிலும் உண்மை இல்லை என்று மறுப்பவர்களும் உண்டு. அதைப் பொது உண்மையாக அறிவிக்கும் ஆசிரியர், வகுப்பில் பாதிப் பேருடைய வீட்டு நம்பிக்கை தவறு என்று அறிவித்தவராகிறார். இன்சொல்லால் அறிவித்தார் என்பதே வேறுபாடு.

இந்திய அரசமைப்புச் சட்டம் இவ்விடத்தில் ஒரு பயனுள்ள கோட்டை வரைகிறது. அதன் 28ஆவது உறுப்பு, முழுவதும் அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிறுவனத்தில் சமய போதனை கூடாது என்கிறது. அரசின் அங்கீகாரமோ உதவியோ பெறும் நிறுவனத்தில் சமய போதனை நடந்தாலும், ஒருவரை அவருடைய இசைவு இன்றி, சிறார் எனின் காப்பாளரின் இசைவு இன்றி, அதில் பங்கேற்கச் செய்யக் கூடாது என்கிறது. சமய போதனை என்பது ஒரு நெறியை ஏற்கும்படி, அதன் வழிபாட்டையும் கோட்பாட்டையும் பயிற்றுவது. சமயத்தைப் பற்றிய கல்வி என்பது வேறு. குருநானக்கின் வாழ்வையும் போதனையையும் கல்வி நோக்கில் படிப்பது சமய போதனை ஆகாது என்று 1971ஆம் ஆண்டு டி.ஏ.வி. கல்லூரி வழக்கிலும், சமயங்களைப் பற்றிக் கற்பிப்பதை அரசமைப்பு தடுக்கவில்லை என்று 2002ஆம் ஆண்டு அருணா ராய் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆகவே சமயக் கேள்வியைத் தொடக் கூடாது என்று சட்டம் ஆசிரியரைத் தடுக்கவில்லை. எந்தக் குரலில் தொடுகிறார் என்பதைத்தான் அது பார்க்கிறது. சாந்தோம் பகுதியின் சிறுபான்மைப் பள்ளியானாலும் மாநகராட்சிப் பள்ளியானாலும், தமிழ் வகுப்பில் அந்தக் குரல் கற்பிக்கும் குரலாகத்தான் இருக்க முடியும். போதிக்கும் குரலுக்கு மறைக்கல்வி வகுப்பு போன்ற தனியிடம் வேண்டும், அதற்கு இசைவும் வேண்டும்.

இதே வேறுபாட்டைத் தமிழில் குரு, ஆசிரியர் என்ற இரு சொற்கள் சட்டத்துக்கு முன்பே வைத்திருக்கின்றன. கடவுளைக் கண்டிருக்கிறீர்களா என்று நரேந்திரநாதர் என்னும் இளைஞர் இராமகிருஷ்ணரிடம் கேட்ட கேள்வியும், கண்டிருக்கிறேன் என்று அவர் சொன்ன விடையும் மயிலாப்பூரில் பலரும் அறிந்தவை. அந்த விடை அங்கே பொருந்தியது. ஏனெனில் கேட்டவர் தாமே தேடிச் சென்றவர், விடை பிடிக்காவிட்டால் எழுந்து போயிருக்கக் கூடியவர். பள்ளி மாணவருக்கு அந்த உரிமை இல்லை. அவர் வருகைப் பதிவேட்டுக்கு உட்பட்டவர், மதிப்பெண்ணுக்குக் கட்டுப்பட்டவர், தாம் கேள்வி கேட்ட ஆசிரியரிடமே அடுத்த நாளும் பாடம் படிக்க வேண்டியவர். எழுந்து போக முடியாதவரிடம் ஒருவர் சொல்லும் விடையில், சொல்பவரின் அதிகாரமும் கலந்தே செல்கிறது. இதனால்தான் அதே சொற்கள் மடத்தில் அருளுரையாகவும் வகுப்பில் வற்புறுத்தலாகவும் ஆகின்றன.

விடை சொல்லும் முன் கேள்வி எந்த வகையைச் சேர்ந்தது என்று காண வேண்டும். இதற்குப் பயன்படும் கருவி தமிழாசிரியர் ஒவ்வொருவரின் கையிலும் ஏற்கெனவே இருக்கிறது. சமணரான பவணந்தி முனிவர் இயற்றி, சைவர்கள் உரை எழுதி, எல்லாச் சமயத்தாரும் படித்துவரும் நன்னூல், வினாவை ஆறாகப் பிரிக்கிறது: விடையை அறிந்துகொண்டே பிறரைச் சோதிக்கக் கேட்கும் அறிவினா, அறியாமல் கேட்கும் அறியாவினா, இதுவோ அதுவோ என்று தயங்கிக் கேட்கும் ஐயவினா, ஒன்றைப் பெறக் கேட்கும் கொளல் வினா, ஒன்றைக் கொடுக்கக் கேட்கும் கொடைவினா, ஒரு செயலைச் செய்விக்கக் கேட்கும் ஏவல் வினா. இப்பகுப்பைத் தேர்வுக்காகக் கற்பிக்கும் ஆசிரியர், தம்மை நோக்கி வரும் கேள்வியின் மீது அதை வைத்துப் பார்ப்பது அரிது.

வைத்துப் பார்த்தால் பூம்பாவை பற்றிய கேள்வி ஒன்றாக இருப்பதில்லை. அறிவியல் ஆர்வத்தால், எரிந்த உடல் மீள முடியுமா என்று மெய்யாகவே அறிய விரும்பிக் கேட்டால் அது அறியாவினா. வீட்டில் பாட்டி ஒன்றும் அண்ணன் வேறொன்றும் சொல்ல, எதைக் கொள்வது என்று தெரியாமல் கேட்டால் ஐயவினா. தமக்கு ஒரு செய்தி தெரியும், அதை வகுப்பில் வைக்க வேண்டும் என்ற விருப்பத்தில் கேட்டால் அது கொடைவினா, “இலாசருவையும் இயேசு எழுப்பினாரே, சார்?” என்று தொடங்கும் மாணவர் பெரும்பாலும் அதைத்தான் செய்கிறார். இதையெல்லாம் ஏன் படிக்க வேண்டும் என்பது ஏவல் வினா. பாடத்தை நிறுத்தச் சொல்வதே அதன் பொருள். ஆசிரியரை மிகுதியும் சீண்டுவது அறிவினா. வழக்கமாக வகுப்பில் அறிவினா கேட்கும் உரிமை ஆசிரியருக்கே உரியது. மாணவர் அதைக் கையில் எடுக்கும்போது தம் இருக்கை பறிபோனதாக ஆசிரியர் உணர்கிறார். அந்தச் சினம் சமயத்துக்காக எழுந்ததன்று, இருக்கைக்காக எழுந்தது. ஆனால் வெளிவரும்போது சமயத்தின் பெயரால் வருகிறது. இதை உணர்ந்துகொண்ட ஆசிரியரிடம் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடுகிறது.

வகையைக் கண்டறிய ஓர் எளிய வழி உண்டு. கேள்வியை ஆசிரியர் தம் சொற்களில் திருப்பிச் சொல்லி, இதைத்தான் கேட்கிறாயா என்று உறுதிசெய்து, எதைப் படித்து அல்லது யார் சொல்லி இந்தக் கேள்வி வந்தது என்று இயல்பான குரலில் கேட்பது. அறியாவினாவும் ஐயவினாவும் உடனே விரிந்துகொள்ளும். கொடைவினா தன் செய்தியை வெளியே வைத்துவிடும். அறிவினா சுருங்கிவிடும், அல்லது கேட்டவர் தம் நண்பர்களைத் திரும்பிப் பார்ப்பார். நன்னூல் கூறும் எட்டு விடைகளுள் வினாவுக்கு எதிர்வினா கேட்பதும் ஒன்று. அது கேட்டவரை மடக்கப் பயன்படுமானால் வகுப்பு முழுவதும் இனிக் கேட்கக் கூடாது என்று கற்றுக்கொள்ளும். கேள்வியைத் தெளிவாக்கப் பயன்படுமானால், கேட்பது எப்படி என்று கற்றுக்கொள்ளும்.

இனிப் பூம்பாவைக்கு வரலாம். இக்கேள்வியில் ஆசிரியர் எடுத்து வைக்க வேண்டிய முதல் அடி, கூற்றை அதற்கு உரியவரிடம் சேர்ப்பது. பூம்பாவை எழுந்தாள் என்று சொல்பவர் யார்? பலரும் சம்பந்தர் என்றே விடை சொல்வார்கள். பதிகத்தைத் திறந்து பார்த்தால் நிலைமை வேறாக இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கொள்ளப்படும் அப்பதிகத்தின் பாடல்கள், ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று மயிலையின் விழாக்களை வரிசையாகச் சொல்லி, இவற்றைக் காணாமல் போகிறாயோ என்று ஒரு பெண்ணை விளித்துக் கேட்கின்றன. எலும்பும் குடமும் பாம்பும் அப்பாடல்களில் இல்லை. அவள் எழுந்தாள் என்ற கூற்றும் இல்லை. சிவநேசர் என்னும் வணிகர், அவர் மகள், ஏழு வயதில் நேர்ந்த மரணம், கன்னிமாடத்தில் வைத்த குடம், பன்னிரண்டு வயதுப் பெண்ணாக அவள் வெளிவந்தது, அவளை மணக்க இசையாமல் சம்பந்தர் தம் மகள் முறையாகக் கொண்டது ஆகிய அனைத்தையும் விரிவாகச் சொல்வது, பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணம். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் இருக்கின்றன.

இந்தச் செய்தியை வகுப்பில் வைக்கும்போது நேரக்கூடிய பிழை ஒன்றைக் குறிப்பிட வேண்டும். பதிகத்தில் இல்லை, ஆகவே நடக்கவில்லை என்று மாணவர் தாவிவிடலாம்; ஆசிரியரும் அந்தத் தாவலை ரசிக்கலாம். ஆனால் பாடலில் சொல்லப்படாமை, நிகழாமைக்குச் சான்று ஆகாது. இழந்த பெண்ணை நோக்கிய இரங்கலும் அழைப்புமாக அப்பாடல் ஒலிப்பதால், ஏதோ ஒரு மரணத்தை அது முன்னே வைத்திருக்கிறது என்று கொள்வாரும் உண்டு. எனவே ஆசிரியர் சொல்லக்கூடியது இவ்வளவே: பதிகம் இதைச் சொல்கிறது, பெரியபுராணம் இதைச் சொல்கிறது, சைவ மரபு இரண்டையும் இணைத்து இறைவன் திருவருளால் பூம்பாவை எழுந்தாள் என்று ஏற்கிறது, எரிந்த உடல் மீண்டதாக உயிரியல் அறிந்த நிகழ்வு எதுவும் இல்லை, இது இயற்கையில் நடக்காதது என்பதை மரபும் அறிந்தே இருக்கிறது, அதனால்தான் இதை அற்புதம் என்று அழைக்கிறது. இந்தக் கடைசித் தொடர் மிகவும் முக்கியமானது. அறிவியல் ஒன்று சொல்ல, நம்பிக்கை அதற்கு நேர்மாறாக மற்றொன்று சொல்வதாக மாணவர் எண்ணிக்கொண்டிருந்தார். இயல்பாக இது நடவாது என்பதில் இரண்டும் ஒத்துப்போகின்றன என்றும், இயல்புக்கு அப்பால் ஒரு செயல் உண்டா என்பதில்தான் பிரிகின்றன என்றும் அவர் இப்போது காண்கிறார். அந்த இரண்டாம் கேள்விக்குத் தமிழ் வகுப்பில் தீர்ப்பு இல்லை. இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுவதே நேர்மை.

கூற்றை உரியவரிடம் சேர்த்ததும் அடுத்த அடி, அக்கூற்றை உரியவர் ஒப்புக்கொள்ளும்படி எடுத்துரைப்பது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியாரின் முதற்பகுதிக்குப் பரபக்கம் என்று பெயர். அதாவது பிறர் பக்கம். உலகாயதர் தொடங்கிப் பதினான்கு பிற கொள்கைகளை அது எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொன்றையும் முதலில் அதன் கூற்றாகவே சொல்லி, பிறகே மறுக்கிறது. வகுப்பறைக்கு வேண்டியது இம்முறையின் முற்பாதி மட்டுமே. உலகாயதர் கூற்றை ஒரு சைவர் வலுவாகச் சொல்ல முடிந்தது என்றால், பூம்பாவை வரலாறு ஒரு பக்தருக்கு என்ன பொருள் தருகிறது என்று இறைமறுப்பாளர் வீட்டு மாணவரும், அதை ஏன் ஏற்க முடியவில்லை என்று பக்தர் வீட்டு மாணவரும் ஐந்து வாக்கியங்களில் எழுத முடியும். எழுதியதை மறுதரப்பு மாணவர் படித்து, ஆம், நாங்கள் சொல்வது இதுதான் என்று ஒப்பினால் பயிற்சி வென்றது. ஒப்பாவிட்டால் எந்த வாக்கியத்தில் கேலி புகுந்தது என்று இருவரும் சேர்ந்து காணலாம். கிறித்தவ மாணவர் கொண்டுவந்த இலாசருவின் கதையும் இதே முறையில் யோவான் நற்செய்தியின் கூற்றாக வகுப்பில் இடம்பெறும். ஒன்றை நம்பலாம், மற்றது கட்டுக்கதை என்ற இரட்டை அளவுகோல் வகுப்பில் புகுந்திருந்தால் அப்போது அது தானே வெளிப்பட்டுவிடும்.

பூம்பாவைப் பதிகம் எழுப்பும் கடினமான கேள்வி உயிர்த்தெழுதல் அன்று; அதன் பத்தாம் பாடலில் இருக்கிறது. சம்பந்தரின் பதிகங்களில் பத்தாம் பாடல் பெரும்பாலும் சமணரையும் பௌத்தரையும் பழிப்பது. இப்பதிகத்திலும் அவ்வாறே அமைந்திருக்கிறது. பாடநூலில் அப்பாடல் இல்லை. ஆயினும் முழுப் பதிகத்தையும் தேடிப் படிக்கும் ஆர்வமுள்ள மாணவர், அதே வகுப்பில் சமண வீட்டுப் பிள்ளை இருக்கையில், சம்பந்தர் ஏன் அவர்களை இப்படிப் பேசினார் என்று கேட்பார். மதுரையில் எண்ணாயிரம் சமணர் கழுவேறியதாகப் பெரியபுராணம் கூறுவதையும் சேர்த்தே கேட்பார்.

இங்கே மழுப்பல் இரு பக்கமும் தீங்கு செய்யும். அக்காலச் சமயப் பூசலின் மொழி கடுமையானது, சமணப் பௌத்த நூல்களும் பிறரைக் கடுமையாக மறுத்தவை, அரச ஆதரவுக்கான போட்டி அதன் பின்னே இருந்தது என்பவற்றை ஆசிரியர் வரலாறாகச் சொல்ல வேண்டும். கழுவேற்றத்தைச் சொல்வது சில நூற்றாண்டுகள் பிந்திய இலக்கியம் என்பதையும், அதை வரலாற்று நிகழ்வாகக் கொள்ள முடியாது என்று கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி கருதியதையும், வன்முறை எந்த அளவிலும் நிகழவே இல்லை என்று இதனால் உறுதி ஆகிவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அத்தோடு நிறுத்தாமல், பழிக்கப்பட்ட தரப்பு தன்னைப் பற்றித் தான் சொன்னது என்ன என்பதையும் வகுப்பு கேட்க வேண்டும். சிந்தாமணியும் நன்னூலும் கையில் இருக்கும்போது அதற்கு வெளியே தேடிப்போக வேண்டியதில்லை. செய்யவே கூடாதது ஒன்று உண்டு. சமண வீட்டு மாணவரை எழுப்பி, நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்பது. அன்போடுதான் கேட்கப்படும், ஆனால் பதினேழு வயதுப் பிள்ளை ஒருவர் ஈராயிரம் ஆண்டுச் சமயம் ஒன்றின் சார்பாளராக நாற்பது பேர் முன்னே நிறுத்தப்படுகிறார். அவர் தாமாகப் பேச முன்வந்தால் பேசலாம், அழைக்கப்படக் கூடாது.

நடுவுநிலைக்கு ஓர் எல்லை உண்டு என்பதை 2024ஆம் ஆண்டில் சென்னை நேரில் கண்டது. அவ்வாண்டு ஆகஸ்ட் மாத இறுதியில் அசோக் நகர், சைதாப்பேட்டை அரசுப் பள்ளிகளில் தன்னம்பிக்கைச் சொற்பொழிவு என்ற பெயரில் பேச அழைக்கப்பட்ட ஒருவர், மறுபிறவியையும் வினைப்பயனையும் பேசி, உடற்குறையோடு பிறப்பதற்கு முற்பிறவிப் பாவம் காரணம் என்ற கருத்தை மாணவர் முன் வைத்தார். பார்வைத்திறன் இல்லாத தமிழாசிரியர் ஒருவர் அவ்விடத்திலேயே எழுந்து எதிர்த்தார்; பேச்சாளரோ மாணவர்கள் பார்த்திருக்க அவருடன் வாதிட்டார். காணொளி பரவியபின் செப்டம்பர் 7ஆம் நாள் பேச்சாளர் கைது செய்யப்பட்டார். இரு பள்ளிகளின் தலைமையாசிரியர்களும் இடம் மாற்றப்பட்டனர். பள்ளி நிகழ்ச்சிகளுக்கு நெறிமுறை வகுக்கப்படும் என்று அரசு அறிவித்தது.

கைதும் இடமாற்றமும் நிருவாகத்தின் செயல்கள். வகுப்பறைக்கு எஞ்சிய கேள்வி வேறு: மறுநாள் ஒரு மாணவர் எழுந்து, “அவர் சொன்னது உண்மையா, மிஸ்?” என்று கேட்டால் என்ன சொல்வது? அது இந்துக்களின் நம்பிக்கை, அதை மதிக்க வேண்டும் என்று நிறுத்துவது போதாது. ஏனெனில் அக்கூற்றில் இரண்டு கூற்றுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. உயிர் பல பிறவி எடுக்கிறது, வினை அதைத் தொடர்கிறது என்பது சைவம், வைணவம், சமணம், பௌத்தம் ஆகியவை தத்தம் வழியில் விளக்கும் கோட்பாடு. அதை அவற்றின் கூற்றாகச் சொல்லலாம், ஏற்காத தரப்புகளையும் சொல்லலாம். இந்த மனிதரின் பார்வையின்மைக்கு அவர் செய்த பாவம் காரணம் என்பது வேறு. அது எதிரே இருக்கும் ஒருவர் மீது சாட்டப்படும் குற்றம். பார்வையிழப்புக்கு மரபணுக் குறைபாடு, கருவுற்ற தாய்க்கு வரும் ருபெல்லா தொற்று, குறைப்பிரசவம், வைட்டமின் ஏ குறைவு போன்றவை காரணங்கள் என்பதை ஆசிரியர் எந்த அடைமொழியும் இன்றி உண்மை என்றே சொல்ல வேண்டும். இவ்விடத்தில் இரு தரப்பும் உண்டு என்று கைவிரிப்பது நடுவுநிலை ஆகாது. நெறிகளுக்கு இடையில்தான் ஆசிரியர் நடுவில் நிற்கிறார். ஒரு குழந்தைக்கும் அதை இழிவுசெய்யும் சொல்லுக்கும் இடையில் அவருக்கு நடுவிடம் இல்லை.

இனி எஞ்சுவது, நீங்கள் நம்புகிறீர்களா என்ற நேர்க்கேள்வி. 1967 முதல் 1972 வரை இங்கிலாந்தில் நடந்த ஒரு கலைத்திட்ட ஆய்வை வழிநடத்திய லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ், கருத்து வேறுபாடுள்ள பொருளில் ஆசிரியர் தம் நிலையை வெளியிடாமல், சான்றுகளை முன்வைத்து உரையாடலை நடத்தும் தலைவராக மட்டும் இருக்க வேண்டும் என்றார்; இது நடைமுறை நடுவுநிலை எனப்பட்டது. தம் கருத்தை மறைக்கும் ஆசிரியரிடம் மாணவர் காரணம் காட்டி முடிவுக்கு வரக் கற்க முடியாது என்று மேரி வார்னாக் 1975இல் அதை மறுத்தார். 1986இல் தாமஸ் கெல்லி என்னும் அமெரிக்கக் கல்வியாளர், தம் நிலையைச் சொல்லியும் எல்லாத் தரப்புக்கும் நியாயமான இடம் தரும் ஆசிரியரே சிறந்தவர் என்று வாதிட்டார்.

இவ்விவாதத்தை மயிலாப்பூருக்குக் கொண்டுவரும்போது ஒரு செய்தி அதன் நிலையையே மாற்றிவிடுகிறது. இங்கே ஆசிரியரின் சமயம் மறைந்திருப்பதில்லை. பெயரும், நெற்றியில் இருக்கும் திருநீறும் திருமண்ணும், கழுத்துச் சிலுவையும், தலையின் முக்காடும், இவற்றுள் எதுவும் இல்லாத வெறுமையும்கூட, முதல் நாளே மாணவருக்குச் சொல்லிவிடுகின்றன. எனவே ஸ்டென்ஹவுஸ் கேட்ட மறைப்பு இங்கே இயலாது. மறைப்பதாகக் காட்டிக்கொள்வது மாணவரிடம் நகைப்பையே பெறும். கெல்லியின் வழி நெருங்கி வருகிறது, ஆனால் எல்லா வயதுக்கும் அன்று. நடுநிலைப் பள்ளிப் பருவத்துப் பிள்ளை ஆசிரியரின் நிலையைத் தன் நிலையாக எடுத்துக்கொள்ளும் என்பதால், அங்கே, “அது என் வீட்டு விஷயம், தம்பி, பாட்டு என்ன சொல்லுதுன்னு பார்ப்போம்” என்று அன்போடு விலகுவதே தகும். மேல்நிலை வகுப்பில், உரையாடல் முடிந்தபின், எல்லாத் தரப்பும் வகுப்பில் வைக்கப்பட்டபின், இரண்டு வாக்கியத்தில் சொல்லலாம். இது என் துணிபு, தேர்வில் இதற்கு மாறாக எழுதுவோருக்கும் இதே மதிப்பெண் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். சொன்னபடி விடைத்தாளில் நடந்துகொள்ளவும் வேண்டும். மாணவர் அதைத்தான் சோதித்துப் பார்ப்பார்.

மாணவர் நம்பாமல் இருப்பதற்கு மட்டுமன்றி, நம்புவதற்கும் இதே மதிப்பு உண்டு. 1985இல் கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் என்னும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், தேசிய கீதம் பாடப்படும்போது மரியாதையுடன் எழுந்து நின்றும் உடன் பாடவில்லை என்பதால் பள்ளியிலிருந்து விலக்கப்பட்டனர். 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்க ஆணையிட்டது. அந்த நம்பிக்கை நம் அறிவுக்கு ஏற்றதாக இருக்கிறதா என்பதை அது பார்க்கவில்லை. உண்மையான மனச்சான்றோடு கொள்ளப்பட்டதா என்பதையே பார்த்தது. வகுப்பில் கேள்வி கேட்பவர் துணிந்தவராகத் தெரிவதால் பாதுகாப்பு அவருக்கே வேண்டும் என்று தோன்றும். அவரது கேள்வி நடக்கையில் தலை குனிந்து நோட்டில் கிறுக்கிக்கொண்டிருக்கும் பக்தர் வீட்டுப் பிள்ளைக்கும் அது வேண்டும். உரையாடல் கெட்டுப்போகிறது என்பதன் முதல் அடையாளம் உரத்த குரல் அன்று. வழக்கமாகப் பேசும் இருவர் மூவர் பேசாமல் போவதுதான். அதைக் கண்டதும் பேச்சை நிறுத்தி, எல்லோரும் பெயரின்றி ஒரு தாளில் தம் கேள்வியை எழுதித் தரச் செய்து, அடுத்த வகுப்பில் தொடர்வது நல்லது. ஒரே மாணவர் நாள்தோறும் அறிவினாவோடு வருவாரானால், வகுப்பு முடிந்தபின் தனியே பேச வேண்டும். கண்டிப்பதற்காக அன்று, அவர் மெய்யாகவே எதனோடு போராடிக்கொண்டிருக்கிறார் என்று கேட்பதற்காக. வீட்டில் ஒரு சாவு நேர்ந்திருக்கலாம், பெற்றோரிடையே நம்பிக்கை பிளவுபட்டிருக்கலாம். அதனால் அவருடைய நம்பிக்கையையோ நம்பிக்கையின்மையையோ பெற்றோரிடம் புகாராகக் கொண்டுசெல்வது, அவர் தந்த நம்பகத்தை உடைப்பதாகும்.

ஆசிரியருக்கே விடை தெரியாத இடங்கள் இவ்வழியில் மிகப் பல. அதற்கு ஒரு முன்னோடி இருக்கிறார். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையர், திருவாவடுதுறைச் சைவ ஆதீனத்தில் பயின்றவர். சீவக சிந்தாமணியைப் படிக்கத் தொடங்கியபோது அதன் சமணக் கருத்துகள் தமக்கு விளங்கவில்லை என்று கண்டார். அவற்றைத் தம் சமயத்தின் கண்கொண்டு ஊகித்துச் சொல்லாமல், அவ்வூரில் வாழ்ந்த சமணர் வீடுகளைத் தேடிச் சென்று, அவர்களிடம் அறியாவினா கேட்டு, அவர்கள் சொன்ன பொருளை அவர்களுடைய பொருளாகவே எழுதிக்கொண்டார். அந்தச் சிந்தாமணிப் பதிப்பு 1887இல் வெளிவந்தது; பௌத்த நூலான மணிமேகலை 1898இல் அதைத் தொடர்ந்தது. அவர் தேடிச் சேர்த்த சுவடிகளைக் கொண்ட நூலகம் இன்று அடையாற்றை அடுத்த பெசன்ட் நகரில் இருக்கிறது.